அந்தப் பத்தியில் கை வைக்காதீர்கள்

சிறு தொழில் செய்பவர்கள் பலரும் பத்து வருடத்துக்கு ஒரு தடவையாவது பழைய நோட்டீஸ்களையும் புரோஷர்களையும் புதுப்பிக்க நினைக்கிறார்கள். மகனோ மருமகளோ பொறுப்புக்கு வந்திருப்பார்கள், கடை இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு கண்காட்சியில் ஸ்டால் கிடைத்திருக்கும். எழுதத் தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, பழைய காகிதங்களைக் கட்டாகக் கையில் கொடுத்து, "இதையெல்லாம் பார்த்து நல்லா பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். எந்த வரி தாத்தா யோசித்து எழுதியது, எந்த வரி அச்சகத்துக்காரர் இடம் நிரப்பப் போட்டது என்று எடிட்டருக்குத் தெரிய வழியில்லை. அவர் எல்லாவற்றையும் ஒரே அளவில் இழைத்து, எந்த ஊர்க் கடைக்கும் பொருந்துகிற வழவழப்பான தமிழில் திருப்பித் தருவார்.

இதைத் தடுக்க ஒரு கடிதம் போதும். நான்கு பக்கம், ஒரு மாலை நேரம். எதை வைப்பது, எதை மாற்றுவது, எதை எடுப்பது என்பதைக் காரணத்தோடு உரிமையாளரே எழுதிக் கொடுக்கும் கடிதம். அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு உதாரணத்தை வைத்தே பார்க்கலாம்.

காங்கேயம் பக்கம் ஒரு செக்காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் நடத்தியதை இப்போது மருமகள் நடத்துகிறார். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. அவர் கையில் மூன்று பழைய காகிதங்கள் இருக்கின்றன. முதலாவது எண்பதுகளில் ஊர் அச்சகத்தில் எழுத்துக் கோத்து அடித்த ஒற்றை நிற நோட்டீஸ். இரண்டாவது தொண்ணூறுகளின் பிற்பாதியில் வண்ணத்தில் அடித்தது. சூரியகாந்தி ரீஃபைண்டு எண்ணெய் விளம்பரங்கள் டிவியில் வீட்டுக்கு வீடு நுழைந்து, செக்கெண்ணெய் 'கனமான எண்ணெய்' என்று ஒதுக்கப்பட்ட காலம் அது. அந்தப் பயம் காகிதத்திலும் தெரிகிறது: "கொலஸ்ட்ரால் அற்றது", "டபுள் ரீஃபைண்டுக்கு நிகரானது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது சுமார் பத்து வருடத்துக்கு முன் அடித்தது. அதற்குள் காற்று திசை மாறி, மக்கள் செக்கைத் தேடி வரத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அதில் சர்க்கரை நோய், மாரடைப்பு, மூட்டு வலி எல்லாவற்றுக்கும் எண்ணெயே தீர்வு.

மருமகள் எடிட்டருக்கு எழுதும் கடிதம் இப்படித் தொடங்குகிறது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மூன்று நோட்டீஸ்களின் நகலும் இத்துடன் இருக்கின்றன. அசல் என்னிடமே இருக்கட்டும், வேறு பிரதி கிடையாது. புதிதாக வேண்டியது எட்டுப் பக்கப் புரோஷர் ஒன்றே. அதை வாங்கிப் படிப்பவர் முதல் தடவை எங்கள் கடைக்கு வந்து, ஒரு பாட்டில் எடுத்துப் பார்க்கலாமா என்று யோசித்து நிற்பவர். ஏற்கனவே வாங்குகிறவர்களுக்கு நோட்டீஸ் தேவையில்லை, அவர்களுக்கு எங்களைத் தெரியும். விலைப்பட்டியல் இதில் வேண்டாம். எள் விலை மாறினால் எண்ணெய் விலையும் மாறுகிறது, அதைத் தனிச் சீட்டாக அடித்துக்கொள்கிறேன்."

இந்தச் சில வரிகளே எடிட்டரின் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகின்றன. யார் படிக்கப்போகிறார், எந்த நேரத்தில் படிக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் எதை முதலில் வைப்பது என்பது தானாகத் தெளியும். விலையைத் தனியே பிரித்ததும் சரியான முடிவு. விலை அச்சான புரோஷர் அடுத்த அறுவடைக்குள் பழசாகிவிடும். கடைக்காரர் பேனாவால் அடித்து எழுதுவார், மீதிக் கட்டு பரணுக்குப் போகும்.

அடுத்து அவர் எழுதுவதுதான் கடிதத்தின் உயிர். எதைத் தொடக்கூடாது என்று சொல்கிறார்.

"எண்பதுகளின் நோட்டீஸில் இரண்டாம் பத்தி என் மாமனார் கைப்பட எழுதியது. அதை அப்படியே வைக்க வேண்டும்: 'எள்ளைக் கழுவிக் காயவைத்து, கல் பொறுக்கிச் செக்கில் போடுகிறோம். எள்ளு பொடிந்து வரும்போது கருப்பட்டி சேர்ப்போம். கருப்பட்டி எள்ளுக்கு மட்டும்தான், கடலைக்கும் தேங்காய்க்கும் கிடையாது. எண்ணெயை வாய் அகன்ற பாத்திரத்தில் வெயிலில் தெளியவிட்டு மேல் எண்ணெயை மட்டும் எடுத்துத் தருகிறோம். அடியில் கொஞ்சம் மண்டி தங்கினால் பயப்பட வேண்டாம். காறல் வாடை வந்தால் பயப்படுங்கள், எங்களிடமே திருப்பிக் கொண்டுவாருங்கள்.' இதில் 'எள்ளு' என்பதை 'எள்' என்று திருத்த வேண்டாம். வாக்கியங்களைச் சேர்க்க வேண்டாம். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள்."

இந்தப் பத்தியை ஏன் காப்பாற்ற வேண்டும்? பழமைக்காகவோ பாசத்துக்காகவோ மட்டும் என்றால் எடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. இதில் வாங்குபவருக்குப் பயன்படும் தகவல் இருக்கிறது, வேறு யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை, அதுதான் காரணம். எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் அரைபட்ட எள் பிடித்துக்கொண்டு பிண்ணாக்காகத் திரள்கிறது, எண்ணெய் தனியே பிரிகிறது. எள்ளின் லேசான கசப்பும் மட்டுப்படுகிறது. கடலை எண்ணெயில் கருப்பட்டி உண்டா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விக்கு மாமனார் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார். மண்டியைப் பற்றிய வரி அதைவிட முக்கியம். செக்கெண்ணெயைத் தெளியவைத்து மட்டும் விற்றால் அடியில் நுண்ணிய பொடி தங்கத்தான் செய்யும். ரீஃபைண்டு எண்ணெயின் தண்ணீர் போன்ற தெளிவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கலப்படமாகத் தெரியும். எது இயல்பு, எது கெட்டதன் அறிகுறி என்று இரண்டே வாக்கியத்தில் பிரித்துக் காட்டி, கெட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்கும் கொடுக்கிறார்.

இதே பத்தி, குறிப்பு எதுவும் இல்லாமல் எடிட்டர் கையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பாரம்பரிய முறையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான எள்ளிலிருந்து, சுகாதாரமான சூழலில் தயாரிக்கப்பட்ட நல்லெண்ணெயை உங்கள் இல்லம் தேடித் தருகிறோம்" என்று மாறியிருக்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் கருப்பட்டி போயிற்று, மண்டி போயிற்று, திருப்பிக் கொண்டுவாருங்கள் என்ற வாக்குறுதியும் போயிற்று. மிச்சமிருப்பதில் அந்தச் செக்காலைக்கே உரியது என்று ஒரு சொல்கூட இல்லை. பழைய நோட்டீஸைத் திருத்தும்போது நேர்கிற பெரிய இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன். பிழையை யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். இந்த மாதிரி இழப்பு யார் கண்ணிலும் படாது.

அதற்காகப் பழையது எல்லாமே உண்மை என்று ஆகிவிடாது. கடிதத்தின் மூன்றாம் பகுதியில் மருமகள் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்கிறார்.

"பழைய நோட்டீஸில் 'எங்கள் எண்ணெய்கள் அனைத்தும் மரச்செக்கில் ஆட்டப்படுகின்றன' என்று இருக்கிறது. அப்போது உண்மை. இப்போது எள் மட்டுமே வாகை மரச்செக்கில் ஆடுகிறது. கடலையும் தேங்காய்ப் பருப்பும் இரும்பு ரோட்டரிக்கு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. எந்த எண்ணெய் எதில் ஆடுகிறது என்று தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். முகப்பில் காளை பூட்டிய செக்கின் படம் இருக்கிறது. படம் இருக்கட்டும், ஆனால் உள்பக்கத்துக்குப் போகட்டும். கீழே 'மோட்டார் வருவதற்கு முன் எங்கள் செக்கு' என்று குறிப்பு வேண்டும்."

இந்த அளவு நேர்மை வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று சிலர் கேட்கலாம். சட்டமே இதைத்தான் எதிர்பார்க்கிறது. உணவுப் பொருள்களின் விளம்பரம் குறித்து இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் வெளியிட்ட விதிகளில், 'பாரம்பரியம்', 'இயற்கை', 'சுத்தம்', 'அசல்' போன்ற சொற்களை எந்த நிலையில் பயன்படுத்தலாம் என்று தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். பாரம்பரியம் என்ற சொல் தலைமுறைகளாகப் பெரிய மாற்றமில்லாமல் வரும் செய்முறைக்கே பொருந்தும். இந்தச் செக்காலையில் அது நல்லெண்ணெய்க்கு ஒட்டும், ரோட்டரியில் ஆடும் கடலை எண்ணெய்க்கு ஒட்டாது. முகப்பில் காளைமாட்டுப் படத்தைப் போட்டுவிட்டு உள்ளே கடலை எண்ணெய் விற்றால், வார்த்தையில் சொல்லாத பொய்யைப் படம் சொல்லிவிடுகிறது. எடிட்டர் சொற்களை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தை டிசைனரிடம் விட்டுவிடுவதால் இந்தத் தவறு அடிக்கடி தப்பிவிடுகிறது. ஆகவே கடிதத்தில் படங்களைப் பற்றியும் ஒரு பத்தி இருக்க வேண்டும். எந்தப் படம் எப்போது எடுத்தது, ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்ததா, காலண்டரில் இருந்து வெட்டியதா என்று எழுதுங்கள். காலண்டர் படத்துக்கு உரிமை வேறொருவருடையது, அதை மறுபடியும் அடிக்கக்கூடாது.

இனி நோய்கள். சிறு உணவுத் தொழில்களின் பழைய காகிதங்களில் அதிகம் கிடக்கும் ஆபத்து இதுதான்.

"மூன்றாம் நோட்டீஸின் பின்பக்கம் முழுவதையும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு, மூட்டு வலி குணமாகும் என்று ஒரு வரிகூட வேண்டாம். மென்மையாக மாற்றி எழுதவும் வேண்டாம். ஒரு டாக்டரின் பெயரைப் போட்டு அவர் சிபாரிசு செய்வதாக ஒரு கட்டம் இருக்கிறது, அதுவும் வேண்டாம். 'உங்கள் எண்ணெயில் முழங்கால் வலி போயிற்று' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதிய கடிதம் இருக்கிறது. அவர் மனசார எழுதினார், ஆனாலும் வேண்டாம். அவரே இன்னொரு கடிதத்தில் தீபாவளிக்கு முறுக்கு சுட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன், அதைப் போடலாம்."

'மென்மையாக மாற்றி எழுதவும் வேண்டாம்' என்பதைக் கவனியுங்கள். எடிட்டர்கள் செய்யும் வழக்கமான சமரசம் அது. "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்பதை "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்த உதவலாம்" என்று மாற்றிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பார்கள். தப்பிக்கவில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் ஒரு நோய்ப்பட்டியலை வைத்திருக்கிறது. சர்க்கரை நோய், இதய நோய்கள், ரத்த அழுத்தம், உடல் பருமன், வாத நோய் எல்லாம் அதில் உண்டு. அவற்றைத் தீர்க்கும், தடுக்கும் என்று ஒரு பொருளை விளம்பரப்படுத்தக் கூடாது. நோயைத் தீர்க்கும் என்று சொன்ன மாத்திரத்தில் சமையல் எண்ணெய் மருந்து என்ற வரம்புக்குள் போய்விழுகிறது. டாக்டர் சிபாரிசு என்ற கட்டத்தை 2018 விதிகள் தனியாகவே தடுக்கின்றன. வாடிக்கையாளர் எழுதியதுதானே என்பதும் பதிலாகாது. அச்சடித்து விநியோகிப்பது கடைக்காரர், ஆகவே அது கடைக்காரரின் கூற்று.

"நாங்கள் டிவியிலா விளம்பரம் செய்கிறோம், ஒரு நோட்டீஸ்தானே" என்று பல சிறு வியாபாரிகள் நம்புகிறார்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் நோட்டீஸ், சுற்றறிக்கை, லேபிள், உறை, பில் எல்லாம் அடங்கும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதன் 53ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளியிடுபவரோடு வெளியீட்டில் பங்கு பெறுபவரையும் அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. ஆகவே எடிட்டர்களும் இதைப் படித்து வைத்திருப்பது நல்லது.

எண்ணெய்க்கென்றே இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது, பலருக்கும் தெரியாது. சமையல் எண்ணெயின் உறையிலோ விளம்பரத்திலோ 'டபுள் ரீஃபைண்டு', 'சூப்பர் ரீஃபைண்டு', 'ஆன்டி கொலஸ்ட்ரால்', 'இதயத்துக்கு இதமானது' போன்ற மிகைச்சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்று லேபிள் விதிகள் பெயர் சொல்லியே தடுக்கின்றன. நம் செக்காலையின் இரண்டாம் நோட்டீஸ் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

"கொலஸ்ட்ரால் அற்றது" என்ற வரியைப் பற்றி மருமகள் எழுதுவதை முழுதாகத் தருகிறேன். உண்மையான வரியைக்கூட ஏன் எடுக்க வேண்டியிருக்கிறது என்று அது காட்டுகிறது.

"இது பொய் இல்லை. ஆனால் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும் அளவுக்கு இருக்காது. பக்கத்துக் கடைக்காரர் எண்ணெயிலும் இல்லை. நம் எண்ணெயில் மட்டும் இல்லாத மாதிரி எழுதினால் படிப்பவர் ஏமாறுகிறார். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இந்த வரி இருப்பது இன்னும் மோசம். அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கொலஸ்ட்ரால் இல்லை என்று படித்துவிட்டு இதய நோயாளி ஒருவர் தாராளமாக ஊற்றினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

வரி உண்மையா என்று பார்ப்பதோடு எடிட்டர் நிற்கக்கூடாது. படிப்பவர் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார் என்றும் பார்க்க வேண்டும். அதே அளவுகோலில் "100% சுத்தம்" என்பதும் அடிபடுகிறது. 100 சதவீதம் என்ற கூற்றை உணவு லேபிள்களிலும் விளம்பரங்களிலும் தவிர்க்குமாறு ஆணையம் 2025 மே மாதம் அறிவுறுத்தியது. அந்த வரியை எடுத்த இடம் காலியாக இருக்கிறதே என்று எடிட்டர் தவிக்க வேண்டாம். அங்கே மாமனாரின் மண்டி வாக்கியத்தைப் போடலாம். சுத்தம் என்று பத்துத் தடவை சொல்வதைவிட அதற்கு வலு அதிகம்.

அளவுகளில் கதை வேறு. பழைய நோட்டீஸ் கிலோவில் பேசுகிறது, இன்றைய பாட்டில் லிட்டரில் பேசுகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். 15 கிலோ டின் என்றால் சுமார் 16½ லிட்டர். எடிட்டர் 'கிலோ' என்று இருந்த இடத்திலெல்லாம் 'லிட்டர்' என்று மாற்றினால் ஒவ்வொரு டின்னிலும் ஒன்றரை லிட்டர் காணாமல் போய்விடும், வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் விழிக்க வேண்டியதுதான். "அளவுகளை மாற்றாதீர்கள், என்னிடம் கேளுங்கள்" என்று மருமகள் அடிக்கோடிட்டு எழுதுகிறார். இரண்டு அளவையும் சேர்த்துப் போடுவதே நல்லது. எண்ணெய் சூட்டில் விரியும். அதே எடை, வெப்பநிலை கூடினால் அதிக லிட்டராகத் தெரியும். சில நிறுவனங்கள் உயர்ந்த வெப்பநிலையில் அளந்த கொள்ளளவை அச்சிட்டு வந்ததால், 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவையும் அதோடு எடையையும் போடுமாறு எண்ணெய் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அது உறைக்குச் சொன்னது. ஆனாலும் புரோஷர் வேறொன்று சொன்னால் வாடிக்கையாளர் எதை நம்புவார்?

கெடுதேதியிலும் அப்படித்தான். பழைய நோட்டீஸில் "ஓராண்டு வரை கெடாது" என்று இருக்கிறது. இன்றைய பாட்டில் லேபிளில் ஆறு மாதம். இது எப்படி நேர்ந்தது என்றால், லேபிளை அடிப்பவர் ஒருவர், நோட்டீஸை அடிப்பவர் வேறொருவர். லேபிள் ஒவ்வொரு வருடமும் திருத்தப்பட்டது, நோட்டீஸ் திருத்தப்படவில்லை. மருமகள் கடிதத்தோடு மூன்று எண்ணெய்களின் இப்போதைய லேபிளையும் ஒட்டி அனுப்புகிறார். நோட்டீஸுக்கும் லேபிளுக்கும் முரண் வந்தால் லேபிள்தான் சரி என்று எழுதுகிறார். இந்த ஒரு விதி எடிட்டருக்கு எத்தனையோ போன் அழைப்புகளை மிச்சமாக்கும்.

முகவரிப் பகுதியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டின் எண்ணும் சி.எஸ்.டி. எண்ணும் 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் பயனற்றுப் போனவை. அவற்றை எடுத்துவிட்டு 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் போட வேண்டும். இந்த எண்களைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். சான்றிதழின் நகலைக் கொடுத்து, அதிலிருந்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேக்ஸ் எண் போகலாம். "பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்" என்ற அடையாளம் இன்னும் வழி காட்டுகிறதா என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எழுத்துரு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம், மூன்றாம் நோட்டீஸ்களின் கோப்பு பழைய சிடியில் இருக்கும். அச்சகங்கள் அந்தக் காலத்தில் யூனிகோடு இல்லாத எழுத்துருக்களில் பேஜ்மேக்கரில் அடித்தன. இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பையாகத் தெரியும். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' 'கெ' ஆகிவிடும், 'ஸ்ரீ' சிதையும், எண்கள் நழுவும். கோரல்டிராவில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி வைத்திருந்தால் திருத்தவே முடியாது. ஆகவே மருமகள் சொல்வது நியாயமானது: "மாமனார் எழுதிய பத்தியைக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டாம். காகிதத்தைப் பார்த்துப் புதிதாகத் தட்டச்சு செய்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சரிபாருங்கள்."

நகல்களின் ஓரத்தில் அவர் மூன்றே குறிகள் போட்டிருக்கிறார். 'அப்படியே', 'எடு', 'கேள்'. மூன்றாவதுதான் அதிகம் உதவும். "மாவட்டத்திலேயே முதல் செக்காலை" என்ற வரிக்குப் பக்கத்தில் 'கேள்' என்று இருக்கிறது. குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் கிடைக்காவிட்டால் அது போகட்டும். தொடங்கிய வருடத்துக்குப் பழைய உரிமக் காகிதம் இருக்கிறது, அதைப் போடலாம். உரிமையாளருக்கே உறுதியாகத் தெரியாத வரிகள் எல்லாப் பழைய நோட்டீஸிலும் இருக்கும். அவற்றைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் குறித்துக் கொடுத்தால் எடிட்டர் சரியான இடத்தில் நின்று விசாரிப்பார். குறிக்காமல் விட்டால் அவர் அதையே தலைப்பாக்கிவிடுவார்.

கடிதம் வேலை முறையைச் சொல்லி முடிகிறது:

"முதல் புரூஃபை நானும் என் வீட்டுக்காரரும் பார்ப்போம். கருத்து வேறுபாடு வந்தால் என் முடிவே கடைசி, இருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டாம். நீங்கள் மாற்றிய இடங்கள் தெரியும்படி ஒரு பிரதி கொடுங்கள், சுத்தமான பிரதி மட்டும் கொடுத்தால் எது மாறியது என்று எனக்குத் தெரியாது. இரண்டு புரூஃபுக்குமேல் போனால் அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன். என் கையெழுத்து இல்லாத பிரதி அச்சகத்துக்குப் போகக்கூடாது. நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடிக்காதது இருக்கலாம், அது ஏன் தேவை என்று நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டாம் பத்தி மட்டும் பேச்சுக்கு அப்பாற்பட்டது."

மாற்றிய இடங்கள் தெரிய வேண்டும் என்பது நல்ல நிபந்தனை. சுத்தமான பிரதியைப் படிக்கும்போது காணாமல் போன வரி கண்ணில் படுவதில்லை, இருப்பதை மட்டும்தான் படிக்கிறோம். அடித்ததும் சேர்த்ததும் தெரிகிற பிரதியில் ஒவ்வொரு இழப்பும் முகத்துக்கு நேராக நிற்கும். முடிவெடுப்பவர் ஒருவர் என்பதும் அப்படியே. அண்ணன் ஒன்று சொல்லி, தம்பி ஒன்று சொல்லி, மாமா வந்து மூன்றாவதைச் சொல்லும் தொழில்களில், எல்லோருக்கும் சம்மதமான வரிகள் மட்டும் மிஞ்சும். அவை யாருக்கும் எதையும் சொல்லாத வரிகளாகவே இருக்கும்.

உங்கள் கடையிலும் இப்படி ஒரு கட்டு இருந்தால், எடிட்டரைத் தேடுவதற்கு முன் அதை ஒருநாள் முழுதாகப் படித்துவிடுங்கள். இன்றைய லேபிளையோ பில்லையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வேறு எந்தக் கடையும் எழுத முடியாத பத்தி ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். கடிதத்தை அந்தப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்.